சின்னக் கடன் முதலிலா, பெரிய வட்டி முதலிலா? மாதம் 150 வெள்ளி மிஞ்சும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

பல இடத்தில் கடன் இருக்கிறது, சம்பளத்தில் கொஞ்சம்தான் மிஞ்சுகிறது என்றால் அந்த மிச்சத்தை எந்தக் கடனில் போடுவது? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. மிகச் சிறிய பாக்கியை முதலில் முடித்து, அங்கே கட்டிக்கொண்டிருந்த தவணையையும் சேர்த்து அடுத்த சிறிய பாக்கியில் போடுவது பனிப்பந்து முறை. பாக்கி எவ்வளவு என்று பார்க்காமல், வட்டி அதிகமான கடனை முதலில் தாக்குவது பனிச்சரிவு முறை. இரண்டிலும் மற்ற எல்லாக் கடனுக்கும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவர வேண்டும்; வேறுபடுவது மிச்சப் பணம் போகும் வரிசை மட்டும்தான்.

இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கடன்களை மனதில் வைத்து எழுதியவை. எல்லாக் கடனும் கிரெடிட் கார்டு மாதிரி, கூடக் கட்டினால் உடனே வட்டி குறையும் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. நம் ஊர்ப் பட்டியல் அப்படி இல்லை. அடகுச் சீட்டு, மோட்டார் தவணை, சாமான் கடைத் தவணை, மச்சானிடம் வாங்கிய கைமாற்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அதனால் அந்த வரிசையை அப்படியே எடுத்து இங்கே போட்டால் கணக்கு பிசகும்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் பாமாயில் மில்லில் வேலை, மனைவி பள்ளி கெந்தினில். இருவர் சம்பளத்திலும் வீட்டுச் செலவு, கடன்களுக்கான கட்டாயத் தொகை எல்லாம் போக மாதம் 150 வெள்ளி மிஞ்சுகிறது.

முதல் படி: ஐந்து கடனையும் ஒரே தாளில் எழுதுவது

| கடன் | பாக்கி (வெள்ளி) | மாதம் கட்டுவது | வட்டி |
|---|---|---|---|
| ஐஸ்பெட்டி, கடைத் தவணை | 360 | 60 | விலையோடு சேர்ந்துவிட்டது |
| மச்சானிடம் கைமாற்று | 600 | இல்லை | இல்லை |
| அடகு வைத்த சங்கிலி | 1,500 | வட்டி மட்டும் 30 | மாதம் 2% |
| மோட்டார் தவணை | 3,100 | 155 | நிலையான வட்டி |
| கிரெடிட் கார்டு | 4,200 | 210 | வருடம் 18% |

கட்டாயத் தொகை 455, மிச்சம் 150, ஆக மாதம் 605 வெள்ளி. எந்தக் கடன் முடிந்தாலும் இந்த 605 குறையக் கூடாது. இரண்டு முறைக்கும் உயிர் இதுதான். ஐஸ்பெட்டி முடிந்ததும் அந்த 60 வெள்ளி பாசார் மாலாமில் கரைந்துவிட்டால், நீங்கள் எந்த முறையையும் பின்பற்றவில்லை என்று அர்த்தம்.

கிரெடிட் கார்டு வரியை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். இங்கே குறைந்தபட்சத் தொகை என்பது பாக்கியில் 5 சதவீதம் அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது கூடுதலோ அது. பாக்கி குறையக் குறைய வங்கி கேட்கும் தொகையும் குறையும். அது ஏதோ சலுகை போலத் தெரியும். வங்கி கேட்பதை மட்டும் கட்டிக்கொண்டே போனால் இந்த 4,200 வெள்ளி முடிய ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். இன்றைய 210-ஐ அப்படியே நிறுத்தி வைத்து மாதாமாதம் கட்டினால், கூடுதலாக ஒரு காசு போடாமலே 24 மாதத்தில் முடிந்துவிடும். ஆகவே 210 என்று எழுதி வட்டம் போட்டுவிடுங்கள், அறிக்கையில் வேறு எண் வந்தாலும் சரி.

கார்டை இந்தக் காலத்தில் உபயோகிக்கவும் கூடாது. பாக்கியை முழுசாகக் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வட்டி உடனே ஓட ஆரம்பித்துவிடும். இன்னொன்று, நம் நாட்டில் கார்டு வட்டி மூன்று படிகளில் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் குறைந்தபட்சத் தொகையை நாள் தவறாமல் கட்டியவருக்கு 15 சதவீதம், பத்து மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17, மற்றவருக்கு 18. நம் குடும்பம் 18-இல் இருக்கிறது என்றால் முன்பு சில மாதம் தவறியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால் வட்டி தானாக இறங்கும். கீழே உள்ள கணக்கில் அந்த இறக்கத்தை நான் சேர்க்கவில்லை. கிடைத்தால் அது கூடுதல் லாபம்.

இரண்டாம் படி: கூடக் கட்டினால் குறையும் கடன் எது?

ஒவ்வொரு கடனையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இன்றைக்கு இதில் 100 வெள்ளி கூடப் போட்டால் அடுத்த மாத வட்டி எவ்வளவு குறையும்?

கார்டில் போட்டால் 1 வெள்ளி 50 காசு குறையும். அடகில் போட்டால் 2 வெள்ளி குறையும். மச்சானுக்குக் கொடுத்தால் வட்டியில் எதுவும் இல்லை, மனக்கசப்பு வேண்டுமானால் குறையும். ஐஸ்பெட்டியின் மொத்த விலையை முதலிலேயே போட்டு ஆறால், பன்னிரண்டால் வகுத்துவிட்டார்கள். சீக்கிரம் கட்டினாலும் அதே 360தான்.

மோட்டாரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிலையான வட்டி என்றால், வாங்கிய நாளில் முழுக் கடனுக்கும் முழுக் காலத்துக்கும் வட்டி போட்டு, அதை அசலோடு கூட்டி மாதங்களால் வகுத்திருப்பார்கள். 4,300 வெள்ளிக் கடன், வருடம் 10 சதவீதம், மூன்று வருடம் என்றால் வட்டி 1,290; மாதம் ஏறத்தாழ 155. காகிதத்தில் 10 சதவீதம் என்று இருந்தாலும் குறைந்துவரும் பாக்கியின் மேல் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம், கார்டுக்குச் சமம். அதைப் பார்த்துவிட்டு 'அப்போ மோட்டாரிலும் கூடப் போடுவோம்' என்று கிளம்பினால் தவறு. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இந்த மாதம் 155-க்குப் பதில் 305 கட்டினால் அடுத்த தவணையை முன்கூட்டிக் கட்டியதாகத்தான் ஆகும், வட்டி குறையாது. முழுக் கடனையும் ஒரே தடவையில் முடித்தால் மட்டும் வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வார்கள்.

அந்தத் தள்ளுபடியும் நேர்விகிதத்தில் வராது. 78-ஆம் விதி என்று ஒரு கணக்கு இருக்கிறது. முதல் மாதங்களுக்கு அதிக வட்டியும் கடைசி மாதங்களுக்கு மிகக் குறைந்த வட்டியும் ஒதுக்கும் முறை அது. நம் குடும்பத்துக்கு 36 தவணையில் 20 மீதி. இன்றே முழுசாக முடித்தால் ஏறத்தாழ 407 வெள்ளி தள்ளுபடி கிடைக்கும், ஆனால் கையில் 2,700 வெள்ளி இருக்க வேண்டும். ஆறு தவணை மீதி இருக்கும்போது முடித்தால் கிடைப்பது வெறும் 41 வெள்ளி. மாதம் 150 மிஞ்சும் வீட்டுக்கு மோட்டார் இந்தப் பந்தயத்தில் இல்லை. 155-ஐ நாள் தவறாமல் கட்டுங்கள், மற்றபடி மறந்துவிடுங்கள். உங்கள் ஒப்பந்தம் குறைந்துவரும் பாக்கியின் மேல் வட்டி போடுவதாக இருந்தால் கதை வேறு, அப்போது அதன் வட்டியைப் பார்த்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் கடன் கொடுத்த கம்பெனியிடம், முன்கூட்டி முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லும் தொகை, மீதித் தவணைகளின் கூட்டுத்தொகைக்கு மிக அருகில் இருந்தால் அதில் கூடப் போடுவதால் பயன் இல்லை.

மூன்றாம் படி: அடகுச் சீட்டின் தேதியைப் பார்ப்பது

அடகுக்குத் தவணை இல்லை, தேதி உண்டு. வழக்கமாக ஆறு மாதம். அதற்குள் வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பிக்காவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போய்விடும். சங்கிலியின் மதிப்பு வாங்கிய பணத்தைவிட எப்போதும் அதிகம் என்பதால், இந்த நட்டத்துக்கு முன்னால் எந்த வட்டிக் கணக்கும் நிற்காது. தேதி நெருங்கிய சீட்டு இருந்தால் முறையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

பணம் போடும் விதமும் இங்கே வேறு. "தவுக்கே, வட்டியோட அசல்ல கொஞ்சம் கட்டி புதுச் சீட்டு போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் மாதாமாதம் அசலைக் குறைக்கலாம், கீழே உள்ள கணக்கும் அப்படித்தான். ஒத்துக்கொள்ளாவிட்டால் மிச்சப் பணத்தைத் தனியாக ஒரு கணக்கில் சேர்த்து மொத்தமாக மீட்க வேண்டும். சேரும் பணம் வீட்டில் இருந்தால் செலவாகிவிடும் என்று நினைப்பவர்கள், அந்தப் பணத்தைக் கார்டில் போடுவதே மேல். அடகு வைக்கும்போதே மூன்று நகையை ஒரே சீட்டில் வைக்காமல் தனித்தனிச் சீட்டாக வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. சின்னச் சீட்டை முழுசாக மீட்டுவிடலாம்.

சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கிய நெகிழ்வுக் கணக்கில் பணம் இருந்தால் அதை எடுத்து நகையை மீட்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2024-க்கான லாப ஈவு 6.3 சதவீதம். அடகு வட்டி வருடத்துக்கு 24. வெறும் கணக்காகப் பார்த்தால் எடுப்பதுதான் சரி. மீட்ட நகை அடுத்த தீபாவளிக்குள் மறுபடி கடைக்குப் போகுமானால் எடுக்காமல் இருப்பதே நல்லது.

நான்காம் படி: இரண்டு முறையையும் ஓட்டிப் பார்ப்பது

முதலில் பனிப்பந்து, அச்சுப் பிசகாமல். ஐஸ்பெட்டியில் 60-உம் 150-உம் சேர்ந்து 210 போகிறது, இரண்டாம் மாதம் அது முடிகிறது. ஐந்தாம் மாதம் மச்சான் கடன் முடிகிறது. பன்னிரண்டாம் மாதம் சங்கிலி வீட்டுக்கு வருகிறது. அடுத்தது எது? அப்போது மோட்டாரில் 1,240, கார்டில் சுமார் 2,283. சின்னது மோட்டார் என்பதால் முறைப்படி மிச்சமெல்லாம் அங்கே போகிறது. ஏறத்தாழ 775 வெள்ளி, ஒரு காசு வட்டியும் குறைக்காத இடத்தில். பக்கத்திலேயே கார்டில் மாதம் ஒன்றரை சதவீதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினெட்டாம் மாதம் எல்லாம் முடிகிறது. அடகுக்கும் கார்டுக்கும் கட்டிய வட்டி மொத்தம் 1,001 வெள்ளி.

அடுத்து பனிச்சரிவு, இரண்டாம் படியில் கேட்ட கேள்வியின்படி. 150 முழுதும் முதலில் அடகுக்கு. ஐஸ்பெட்டி தன் போக்கில் ஆறாம் மாதம் முடிகிறது, அந்த 60-உம் அடகில் சேர்கிறது. ஒன்பதாம் மாதம் சங்கிலி வருகிறது. பிறகு கார்டுக்கு மாதம் 450, பதினாறாம் மாதம் அதுவும் தீர்கிறது. மச்சானுக்குப் பதினாறிலும் பதினேழிலும் கொடுத்து முடித்து, பதினெட்டாம் மாதம் மோட்டாரின் கடைசிப் பணம். வட்டி மொத்தம் 784 வெள்ளி.

இரண்டும் அதே பதினெட்டாம் மாதம்தான் முடிகின்றன. இடையில் உள்ள வித்தியாசம் 217 வெள்ளி. மாதக்கணக்கில் பார்த்தால் 12 வெள்ளி. 217 வெள்ளி சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன், இந்த வீட்டுக்கு அது ஒன்றரை மாத மிச்சம். ஆனால் அதில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: அடகை ஐந்து மாதம் தொடாமல் விட்டதிலிருந்தும், கடைசியில் மோட்டாரில் கொட்டியதிலிருந்தும். ஐஸ்பெட்டியை முதலில் முடித்ததால் நட்டம் மிகக் குறைவு.

ஐந்தாம் படி: நான் சொல்லும் வரிசை

ஐஸ்பெட்டியை இரண்டே மாதத்தில் முடியுங்கள். அப்புறம் அடகு. அப்புறம் கார்டு. மச்சான் கடைசி. மோட்டார் அதன் போக்கில். இதைக் கணக்குப் போட்டால் வட்டி 802 வெள்ளி வருகிறது. சுத்தமான பனிச்சரிவைவிட 18, 19 வெள்ளிதான் கூடுதல். சங்கிலி அதே ஒன்பதாம் மாதம் வருகிறது, கார்டும் அதே பதினாறாம் மாதம் முடிகிறது.

அந்த 19 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது? மூன்றாம் மாதத்திலிருந்து கட்டாயத் தொகை 455-இலிருந்து 395 ஆகிறது. மழைக்காலத்தில் குலை வரத்து குறைந்து மில்லில் ஓவர்டைம் நின்றுவிட்டது, அல்லது பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் புத்தகப்பையும் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 மிச்சம் அந்த மாதம் காணாமல் போகும். அப்போது யாருக்கும் தவணை தவறாமல் இருக்க 60 வெள்ளி இடைவெளி போதுமானதாக இருக்கலாம். ஒரு தவணை தவறினால் கார்டில் தாமதக் கட்டணம் மட்டுமே குறைந்தது 10 வெள்ளி, 15 சதவீதப் படிக்கு இறங்குவதும் தள்ளிப்போகும். மிச்சம் பெரிதாக உள்ளவர்களுக்கு இந்த இடைவெளி பெரிய விஷயமில்லை. சின்ன மிச்சத்தில்தான் இது முக்கியம்.

சின்னக் கடனை முதலில் முடிப்பதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருபவர்கள் முழுக் கடனையும் தீர்க்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். இரண்டாம் மாதமே பட்டியலில் ஒரு வரியை அடித்துவிடலாம் என்பதால் அந்தப் பலனும் இதில் கிடைத்துவிடுகிறது. அதற்காக ஐந்தையும் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டியதில்லை.

உங்கள் பட்டியலுக்கு இதைப் பொருத்தும்போது நான் வைக்கும் அளவு இது: முழு மிச்சத்தையும் போட்டால் மூன்று மாதத்துக்குள் முடிந்து, ஒரு மாதத் தவணையை விடுவிக்கும் கடன் இருந்தால் அதை மட்டும் முந்தவிடுங்கள். மச்சான் கடன் ஏன் முந்தவில்லை என்றால், அது முடிந்தாலும் எந்தத் தவணையும் விடுபடாது. ஆனால் மச்சான் வீட்டில் கல்யாணம் வருகிறது, அவருக்குப் பணம் தேவை என்றால் கணக்கை மடித்து வைத்துவிட்டு முதலில் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு அவசரம் என்றால் போய் நிற்பது அவரிடம்தான்.

கூட்டு எடுத்து நகையை மீட்கலாமா?

பத்துப் பேர், மாதம் 100 வெள்ளி, முதல் முறை நமக்கு என்றால் 1,000 வெள்ளி ஒரே நேரத்தில் கையில் வரும். தள்ளுபடி ஏலம் இல்லாத கூட்டு என்றால் அதற்கு வட்டி இல்லை. அதை அடகில் போட்டால் அசல் 1,500-இலிருந்து 500 ஆகி, மாத வட்டி 30-இலிருந்து 10-க்கு இறங்கும். கணக்குக்கு இது நல்ல வழி. ஆனால் 150 மிச்சத்தில் 100 பத்து மாதத்துக்குக் கட்டாயமாகிவிடும், கட்டாயத் தொகை ஏறும். முதல் முறை கிடைக்காமல் ஏழாவது, எட்டாவது கிடைத்தால் பயனில்லை, அதற்குள் நேராகவே அடைத்திருக்கலாம். தெரிந்தவர்களுக்குள் நடப்பதற்கு மட்டும் இதை யோசியுங்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

தடம் மாறுவது எப்படித் தெரியும்?

மாதக் கடைசியில் மூன்று எண்களை எழுதுங்கள்: அடகு அசல், கார்டு பாக்கி, கட்டிய மொத்தம். நம் கணக்கில் ஆறாம் மாத முடிவில் அடகு அசல் 570 சுமாரிலும், கார்டு பாக்கி 3,280 சுமாரிலும் இருக்க வேண்டும். கட்டிய மொத்தம் 605 ஆக இருந்தும் கார்டு பாக்கி அதற்கு மேல் நின்றால், யாரோ கார்டைத் தேய்த்திருக்கிறார்கள். அடகு அசல் இறங்காமல் நின்றால், கட்டியது வட்டிக்கு மட்டும் போயிருக்கிறது. சீட்டை எடுத்துப் பாருங்கள்.

கட்டாயத் தொகையே சம்பளத்தைத் தாண்டுகிறது என்றால் எந்த வரிசையும் உதவாது. மிச்சம் என்று ஒன்று இருந்தால்தான் இந்த முறைகள் ஓடும். அப்போது போக வேண்டிய இடம் ஏ.கே.பி.கே., பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கைகள், கார்டு அறிக்கைகளோடு போனால், வங்கிகளிடம் பேசி எல்லாவற்றையும் கட்டக்கூடிய ஒரே மாதத் தொகையாக மாற்ற முயல்வார்கள். அவர்கள் பார்ப்பது வங்கி, நிதி நிறுவனக் கடன்களை. அடகுச் சீட்டும் கைமாற்றும் அதில் சேராது; அவற்றுக்கு மேலே சொன்ன வரிசைதான். அலோங்கிடம் வாங்கிய கடன் இருந்தால் அதையும் இந்தப் பட்டியலில் அடுக்க முடியாது, வட்டி ஒப்பந்தத்தில் இல்லாமல் அவர் வாயில் இருக்கிறது. உரிமம் பெற்ற வட்டிக்காரர் ஈடில்லாத கடனுக்கு வருடம் 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அதைத் தாண்டிக் கேட்கிறார், மிரட்டுகிறார் என்றால் கட்டியதற்கான ஆதாரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள், இன்னொரு அலோங்கிடம் வாங்கி அதை அடைக்காதீர்கள்.